கூகுள், மெட்டா, ஹப்ஸ்பாட்: ஏஜென்சி வேலைக்கு எந்தச் சான்றிதழ் எழுதுவது?

டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: கூகுள் சான்றிதழ் இலவசம், மெட்டா தேர்வுக்குக் காசு கட்ட வேண்டும், ஹப்ஸ்பாட்டும் இலவசம், கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் கூகுள் பெயரிலேயே இன்னொன்று இருக்கிறது. இதில் எதை எழுதினால் ஏஜென்சியில் மதிப்பு? ஏஜென்சியில் விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டும், புதிதாக வருபவர்களை நேர்காணல் செய்துகொண்டும் இருக்கும் அனுபவத்தில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சான்றிதழ் வைத்திருப்பவருக்கு என்ன தெரியும் என்பது ஒன்று. அந்தச் சான்றிதழால் ஏஜென்சிக்கு என்ன லாபம் என்பது மற்றொன்று. திறமையை அதிகம் நிரூபிக்கும் சான்றிதழும் ஏஜென்சிக்கு அதிகம் பயன்படும் சான்றிதழும் ஒன்றல்ல. இது தெரியாததால்தான் பலர் காசையும் நேரத்தையும் தவறான இடத்தில் போடுகிறார்கள்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, தேர்வு எப்படி நடக்கிறது: வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாமா, அல்லது கண்காணிப்பு உண்டா? சான்றிதழ் எதை நிரூபிக்கிறது என்பது பெரும்பாலும் இதிலேயே முடிவாகிவிடும். இரண்டாவது, எவ்வளவு காலம் செல்லும். மூன்றாவது செலவு; கட்டணத்தோடு புதுப்பிக்கும் உழைப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான்காவது, உங்களை வேலைக்கு எடுக்கும் ஏஜென்சிக்கு அந்தச் சான்றிதழ் ஏதாவது ஒரு நிபந்தனையை நிறைவேற்ற உதவுகிறதா என்பது.

| | கூகுள் ஆட்ஸ் (ஸ்கில்ஷாப்) | மெட்டா சான்றிதழ் | ஹப்ஸ்பாட் இன்பவுண்ட் | கோர்செரா தொழில்முறைச் சான்றிதழ் |
|---|---|---|---|---|
| கட்டணம் | இலவசம் | தொடக்க நிலைக்கு 99 டாலர், மேல்நிலைக்கு 150 டாலர் (அமெரிக்க விலை, நாட்டுக்கு நாடு மாறும்) | இலவசம் | மாதச் சந்தா |
| கண்காணிப்பு | இல்லை | உண்டு | இல்லை | இல்லை |
| ஆயுள் | 12 மாதம் | காலாவதி உண்டு. தேதி பேட்ஜிலேயே இருக்கும் | ஏறக்குறைய 2 ஆண்டு | காலாவதி இல்லை |
| எதைக் காட்டுகிறது | கூகுளின் சொற்களும் அது பரிந்துரைக்கும் வழிமுறையும் தெரியும் | உதவியின்றித் தேர்வெழுதும் அளவுக்குப் பாடம் தெரியும் | பயனுள்ள உள்ளடக்கத்தால் வாடிக்கையாளரைத் தானாகத் தேடி வரவைக்கும் இன்பவுண்ட் அணுகுமுறை புரியும் | நீண்ட பாடத்திட்டத்தை முடித்தார் |
| ஏஜென்சிக்கு நேரடிப் பயன் | கூகுள் ஏஜென்சிகளுக்குத் தரும் பார்ட்னர் பேட்ஜ் கணக்கில் சேரும் | பெரும்பாலும் முன்மொழிவில் காட்டிக்கொள்ள மட்டும் | ஹப்ஸ்பாட் பார்ட்னர் ஏஜென்சிகளுக்கு உண்டு | இல்லை |

மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்றவையும் தங்கள் விளம்பரத் தளங்களுக்குச் சான்றிதழ் தருகின்றன. அந்தத் தளத்தில் வேலை இருக்கும் இடத்தில் மட்டும் அவற்றுக்கு அர்த்தம் உண்டு. முதல் வேலை தேடுபவருக்கு அவை அவசரமில்லை.

## கூகுள் ஆட்ஸ்: எளிதாகக் கிடைப்பது, இல்லாவிட்டால் உறுத்துவது

கூகுள் தன் ஸ்கில்ஷாப் தளத்தில் தேடல், டிஸ்ப்ளே, வீடியோ, ஷாப்பிங், ஆப் என்று விளம்பர வகைக்கு ஒன்றாகத் தேர்வு வைத்திருக்கிறது. ஏஜென்சியில் யாராவது "கூகுள் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் தேடல் விளம்பரச் சான்றிதழைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஏறக்குறைய 50 கேள்விகள், 75 நிமிடம், தேர்ச்சிக்கு 80 சதவீதம். தவறினால் மறுநாளே மீண்டும் எழுதலாம். கேமரா இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. பக்கத்தில் குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டு எழுதினாலும் தடுக்க யாரும் இல்லை. கேள்வி பதில்கள் இணையத்தில் தொகுப்பாகவே கிடைக்கின்றன என்பது வேலைக்கு எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கேள்விகளின் தன்மையையும் கவனிக்க வேண்டும். "இந்த விளம்பரதாரரின் நோக்கம் இது, எந்த ஏல உத்தியைத் தேர்வார்?" என்று கேட்பார்கள். சரியான விடை பெரும்பாலும், எவ்வளவு ஏலம் கேட்பது என்பதைக் கூகுளே முடிவு செய்யும் தானியங்கி ஏலத்தைச் சுட்டும். நிறைய கன்வெர்ஷன், அதாவது விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் விசாரிப்பது, வாங்குவது போன்ற செயல்கள், வரும் பெரிய கணக்குக்கு அந்த விடை பொருந்தும். மாதம் நான்கைந்து விசாரணை மட்டும் வரும் சிறு கடையின் கணக்கில் தானியங்கி ஏலம் கற்றுக்கொள்ளப் போதுமான தரவே இருக்காது. அந்த இடத்தில் என்ன செய்வது என்று தேர்வு கேட்பதில்லை. ஆகவே இந்தச் சான்றிதழ் நிரூபிப்பது ஒன்றைத்தான்: கீவேர்டு பொருத்த வகைகள், எந்தத் தேடலுக்கு விளம்பரம் காட்டக் கூடாது என்று சொல்லும் விலக்குச் சொற்கள், ஏல உத்திகள் என்று பேச்செடுத்தால் இவர் முழிக்க மாட்டார்.

ஆயுள் 12 மாதம்தான் என்பதில் பலருக்குச் சலிப்பு உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இந்தத் தளம் 2018 ஜூலையில்தான் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரைவிட்டு கூகுள் ஆட்ஸ் ஆனது. கீவேர்டுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு எழுதும் முறை 2021இல் நிறுத்தப்பட்டது. இணையதள வருகையை அளக்கும் கூகுளின் பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் தரவு சேகரிப்பதை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு அதற்காகப் படித்தவருக்கு அந்தத் திரையே இன்று இல்லை. தேதி முடிந்த சான்றிதழை ரெஸ்யூமேயில் வைத்திருப்பவரைப் பார்த்தால் எனக்கு எழும் சந்தேகம், இவர் இந்தத் துறையை இப்போது தொடுகிறாரா என்பதுதான்.

இவ்வளவு எளிதான தேர்வை ஏஜென்சிகள் ஏன் கேட்கின்றன? காரணம் கூகுள் பார்ட்னர் பேட்ஜ். ஒரு ஏஜென்சி அந்த பேட்ஜைப் பெற மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. வாடிக்கையாளர் கணக்குகளை ஒன்றாகப் பார்க்கும் அதன் மேலாளர் கணக்கின் ஆப்டிமைசேஷன் ஸ்கோர், அதாவது கணக்கு எவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது என்று கூகுள் தரும் மதிப்பெண், 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 90 நாட்களில் அது கையாளும் விளம்பரச் செலவு 10,000 டாலரை, அதாவது எட்டு லட்ச ரூபாய்க்கு மேல், எட்ட வேண்டும். கணக்குகளைக் கையாளும் ஊழியர்களில் குறைந்தது பாதிப் பேர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதோடு, 90 நாட்களில் 500 டாலருக்கு மேல் செலவான ஒவ்வொரு விளம்பர வகைக்கும் ஏஜென்சியில் குறைந்தது ஒருவரிடமாவது அந்த வகைச் சான்றிதழ் இருக்க வேண்டும்.

இந்தப் பாதிக் கணக்கு சிறிய ஏஜென்சியில் எப்படி இடிக்கும் என்று பாருங்கள். கணக்குகளைப் பார்ப்பவர்கள் ஏழு பேர், சான்றிதழ் நான்கு பேரிடம்: 57 சதவீதம், கவலையில்லை. நான்கு பேரில் ஒருவர் வேலையைவிட்டுப் போகிறார். ஆறு பேருக்கு மூன்று: சரியாக 50. அடுத்த மாதம் மீதி மூவரில் ஒருவரின் சான்றிதழ் காலாவதியாகிறது. ஆறுக்கு இரண்டு: 33 சதவீதம், பேட்ஜ் ஆபத்தில். இப்போது சான்றிதழ் உள்ள ஒருவரைப் புதிதாக எடுத்தாலும் ஏழுக்கு மூன்றுதான். 43 சதவீதம், அப்போதும் போதாது. காலாவதியானவர் மறுபடி எழுதினால்தான் ஏழுக்கு நான்காகி நிலைமை சீராகும். புதிதாக வந்தவரிடமும் சான்றிதழ் இல்லையென்றால், அவர் வருகையே விகிதத்தை இன்னும் கீழே இழுக்கும்.

கூகுள் சான்றிதழின் உண்மையான எடை இங்கேதான் இருக்கிறது. அது இல்லாமல் சேர்பவரால் ஏஜென்சியின் கணக்கில் ஒரு பள்ளம் விழுகிறது. ஆனால் அந்தப் பள்ளத்தை இரண்டு மூன்று மாலை உழைப்பில், காசு செலவில்லாமல் நிரப்பிவிடலாம் என்பதும் ஏஜென்சிக்குத் தெரியும். அதனால்தான் பல இடங்களில் "சேர்ந்த பத்து நாளுக்குள் எழுதிவிடுங்கள்" என்று சொல்லி எடுத்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் இருப்பதால் நீங்கள் முன்னே போவது குறைவு. இல்லாவிட்டால், "ஒரு வாரம் ஒதுக்கி இதைக்கூட எழுதவில்லையே" என்ற எண்ணம் எழும்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். தேடல் ஒன்றோடு நிற்காமல் ஐந்து வகைக்கும் எழுதினால் ஆண்டுக்கு ஐந்து தேர்வுகளைப் புதுப்பிக்க வேண்டும். இன்னொரு சிக்கல் மின்னஞ்சல். ஏஜென்சியின் மேலாளர் கணக்குக்குள் எந்த மின்னஞ்சலில் நுழைகிறீர்களோ, சான்றிதழ் அதோடு சேர்ந்திருந்தால்தான் பார்ட்னர் கணக்கில் ஏறும். சொந்த ஜிமெயிலில் எழுதிவிட்டு அலுவலக மின்னஞ்சலில் வேலை பார்த்தால், உங்கள் பெயருக்கு நேரே சான்றிதழ் இல்லை என்றே காட்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

## மெட்டா: கடினமான தேர்வு, குறைவான தேவை

மெட்டா சான்றிதழின் நடைமுறை முற்றிலும் வேறு. காசு கட்டி நேரம் பதிவு செய்ய வேண்டும். எழுதும்போது கேமரா வழியாகக் கண்காணிப்பார்கள். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். மேசையில் தாளும் போனும் இருக்கக் கூடாது. மதிப்பெண் 300 முதல் 1000 வரையான அளவில் தரப்படும். தேர்ச்சிக்கு 700 வேண்டும். தொடக்க நிலையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் அசோசியேட் இருக்கிறது. அதற்கு மேலே விளம்பரம் வாங்குவோர், திட்டமிடுவோர், அளவீடு பார்ப்போர் என்று தனித்தனித் தேர்வுகள்.

யாரையும் கேட்காமல் உட்கார்ந்து எழுதியதால், இதை வைத்திருப்பவருக்குப் பாடம் தெரியும் என்று நம்பலாம். மேல்நிலைத் தேர்வுகள் நடைமுறைச் சூழலைக் கொடுத்தே கேட்கின்றன. "ஒரே வாடிக்கையாளரைக் குறிவைக்கும் இரண்டு விளம்பரத் தொகுப்புகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, என்ன செய்வீர்கள்?" என்கிற மாதிரி. கணக்கில் கைவைத்துப் பழகாதவர் இதில் திணறுவார். திறமைக்கான சான்று என்று மட்டும் பார்த்தால் நான்கில் இதையே முதலில் வைப்பேன்.

ஆனாலும் நான் பார்த்த சிறிய, நடுத்தர ஏஜென்சிகளில் ஆள் எடுக்கும்போது இதை யாரும் நிபந்தனையாக வைப்பதில்லை. கூகுளில் இருப்பதுபோல "பாதிப் பேரிடம் இருந்தால்தான் பேட்ஜ்" என்ற நெருக்கடி அவர்களுக்கு இங்கே இல்லை. பெரிய வாடிக்கையாளருக்கு முன்மொழிவு தயாரிக்கும்போது "எங்களிடம் இத்தனை மெட்டா சான்றிதழ் பெற்றவர்கள்" என்று ஒரு வரி எழுதப் பயன்படும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வேலை செய்யும் ஏஜென்சிகளில் இதன் மதிப்பு சற்று கூடும். முதல் வேலை தேடும் ஒருவர் கையிலிருந்து பல ஆயிரம் ரூபாய் கொடுத்து எழுத அது போதிய காரணமல்ல.

கட்டணத்தோடு வேறு செலவுகளும் உண்டு. தவறினால் மறுபடி முழுக் கட்டணம். நேரத்துக்கு வராவிட்டாலோ இணைப்பு அறுந்து தேர்வு ரத்தானாலோ பணம் திரும்பும் என்று நம்பி இருக்க முடியாது. நம் ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது பெயர். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கோ ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால், பேஸ்புக்கில் இன்னொரு விதம். கண்காணிப்பாளர் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் பதிவுப் பெயரையும் ஒப்பிடுவார். பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார். எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ, அதில் இருக்கும்படியே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள்.

நிறுவனத்தில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர் இதை எழுத விரும்பினால், முதலாளியிடம் கட்டணத்தைக் கேட்பதே சரியான வழி. முன்மொழிவில் அவர் பெயரைப் போட்டுக்கொள்ளப் போவது நிறுவனம்தான். கேட்டால் தரும் ஏஜென்சிகள் இருக்கின்றன.

## ஹப்ஸ்பாட்: சரியான இடத்தில் மட்டும்

ஹப்ஸ்பாட் ஒரு வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளை விற்கும் நிறுவனம். அதன் அகாடமியில் இன்பவுண்ட் மார்க்கெட்டிங், உள்ளடக்கம், மின்னஞ்சல் என்று பல சான்றிதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதன் மென்பொருளைப் பயன்படுத்துவது பற்றிய சான்றிதழ்கள் விரைவில் காலாவதியாகும்; பொதுவான பாடங்கள் ஏறக்குறைய 2 ஆண்டு நிற்கும். தேர்வு எளிது. பாடங்கள் நன்றாக இருக்கின்றன; குறிப்பாக எழுத்துப் பக்கம் போக விரும்புபவர்கள் சான்றிதழை மறந்துவிட்டு வீடியோக்களை மட்டும் பார்த்தாலும் பயனடைவார்கள்.

ஏஜென்சி ஹப்ஸ்பாட்டின் பார்ட்னராக இருந்தால் இதைக் கட்டாயம் கேட்கும். சென்னையில் மென்பொருள் தயாரித்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்கும் நிறுவனங்கள் ஏராளம். அங்கே விளம்பரத்தைவிட உள்ளடக்கமும் மின்னஞ்சலும் முக்கியம் என்பதால், இந்தப் பாடங்களின் சொற்கள் தெரிந்திருப்பது நேர்காணலில் உதவும். நகைக்கடைக்கும் மருத்துவமனைக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் விளம்பரம் செய்யும் ஏஜென்சியில் இதற்குப் பெரிய எடை இல்லை.

## கோர்செரா: சான்றிதழைவிடப் பாடமே லாபம்

கூகுளின் டிஜிட்டல் மார்க்கெட்டிங், இ-காமர்ஸ் சான்றிதழ் 2022இல் கோர்செராவில் வந்தது. மெட்டாவும் அங்கே சமூக ஊடக மார்க்கெட்டிங் பாடத்தொகுப்பை வைத்திருக்கிறது. இவற்றை மேலே சொன்ன தளச் சான்றிதழ்களோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கோர்செராவில் கூகுள் பெயரில் வாங்கிய சான்றிதழ் ஏஜென்சியின் பார்ட்னர் கணக்கில் ஏறாது. மெட்டா பாடத்தொகுப்பை முடித்ததால் கண்காணிப்புத் தேர்வை எழுதி வென்றதாகவும் ஆகாது.

காலாவதி இல்லை என்பது வசதிபோலத் தோன்றும். ஆனால் வேலைக்கு எடுப்பவர் முடித்த தேதியைப் பார்த்து, பாடம் எவ்வளவு பழையது என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார். சந்தா மாதாமாதம் ஓடுவதால் மெதுவாகப் படிப்பவருக்குச் செலவு கூடும். வேறு துறையிலிருந்து வருபவர், அடியிலிருந்து ஒழுங்காகப் படிக்க விரும்புபவர், இவர்களுக்கு இது நல்ல பாடம். சான்றிதழுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "15 சர்வதேசச் சான்றிதழ்களுடன் பயிற்சி" என்று விளம்பரம் செய்து பெருந்தொகை வாங்கும் பயிற்சி நிலையங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. பட்டியலை வாங்கிப் பாருங்கள். அதில் பெரும்பாலானவை மேலே சொன்ன இலவசத் தேர்வுகளாகவே இருக்கும். அங்கே நீங்கள் காசு கொடுப்பது பயிற்சி தருபவருக்கு. அவர் உண்மையான விளம்பரக் கணக்கைத் திறந்து காட்டிச் சொல்லித் தருவாரா என்பதை மட்டும் விசாரியுங்கள். கூகுள் பார்ட்னர் பேட்ஜ் ஏஜென்சிக்கு உரியது. ஸ்கில்ஷாப் தேர்வில் தேறிய தனிநபர் தன்னை கூகுள் பார்ட்னர் என்று போட்டுக்கொள்வதும் தவறு.

## நேர்காணலில் சான்றிதழ் நிற்கும் இடமும் முடியும் இடமும்

சான்றிதழைச் சரிபார்ப்பது எளிது. பிடிஎஃப் கோப்பில் பெயரை மாற்றிவிடலாம் என்பதால் அதை ஏற்பதில்லை. சரிபார்ப்பு இணைப்பைக் கேட்போம். மெட்டா பேட்ஜ், டிஜிட்டல் பேட்ஜ்களைச் சரிபார்க்க உதவும் கிரெட்லி தளத்தில் இருக்கும். ஸ்கில்ஷாப் சான்றிதழுக்கும் பெயரும் முடியும் தேதியும் தெரியும் இணைப்பு உண்டு. ரெஸ்யூமேயில் இணைப்பையே கொடுத்துவிட்டால் ஒரு கேள்வி மிச்சம். அதற்குப் பிறகு சான்றிதழ் பற்றிய பேச்சே எழாது. ஒரு கணக்கைக் காட்டி, "இதில் என்ன தவறு?" என்று கேட்பார்கள்.

அது எப்படிப்பட்ட கேள்வி என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். மதுரையில் ஒரு பல் மருத்துவமனை. மாதச் செலவு 30,000 ரூபாய். கிளிக் 1,200, ஒரு கிளிக்குக்கு 25 ரூபாய். கன்வெர்ஷன் 60, ஒன்றுக்கு 500 ரூபாய். திரையில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் மருத்துவர், "பதினைந்து பேர்தான் விசாரித்தார்கள்" என்கிறார்.

சான்றிதழ்ப் பாடத்தை மட்டும் படித்தவர் உடனே ஏல உத்தியை மாற்றலாம், விளம்பர வாசகத்தை மேம்படுத்தலாம் என்பார். கணக்கில் கைவைத்துப் பழகியவர் முதலில் கன்வெர்ஷன் எதுவென்று திறந்து பார்ப்பார். அங்கே இரண்டு செயல்கள் முதன்மையாக இருக்கின்றன. ஒன்று, படிவத்தை நிரப்பி அனுப்புவது. மற்றொன்று, தொடர்புப் பக்கத்தைப் பார்ப்பது. அறுபதில் நாற்பது வெறும் பக்கப் பார்வை. மீதி இருபதிலும், எண்ணும் முறை `Every` என்று இருப்பதால் ஒரே ஆள் மறுபடி மறுபடி அழுத்தியது ஐந்து. உண்மையான விசாரணை 15, ஒன்றுக்கு ஆன செலவு 2,000 ரூபாய். மருத்துவர் சொன்னதுதான் சரி.

இதனால் இன்னொரு பாதிப்பும் உண்டு. தானியங்கி ஏலம் இந்த அறுபதையும் வெற்றி என்று நம்பி, தொடர்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகும் ஆட்களையே மேலும் மேலும் தேடிக்கொண்டிருக்கும். அடுத்து, கணக்கில் பழகிய அந்த ஆள், மக்கள் உண்மையில் என்ன தேடினார்கள் என்று காட்டும் `Search terms` அறிக்கையைத் திறந்து, பல் மருத்துவப் படிப்புக்கு எந்தக் கல்லூரி என்று தேடிய மாணவர்களின் கிளிக்குகள் 200 இருப்பதைக் காட்டுவார். 5,000 ரூபாய் அதில் போயிருக்கிறது. இட அமைப்பு `Presence or interest` என்று இருப்பதால் சென்னையிலும் பெங்களூருவிலும் இருந்தபடி மதுரையைப் பற்றித் தேடியவர்களுக்கும் விளம்பரம் போயிருப்பதைச் சொல்வார். அதை யாரும் வேண்டுமென்றே தேர்ந்திருக்க மாட்டார்கள். புதிய கணக்கில் அதுவே முன்கூட்டிய தேர்வு. மதுரையில் உள்ள தங்கும் விடுதிக்கு அதே அமைப்புதான் சரி என்றும் சேர்த்துச் சொன்னால், அவருக்கு இந்த வேலை தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சரிசெய்யும் வரிசையும் முக்கியம். முதலில் பக்கப் பார்வையை முதன்மையிலிருந்து எடுப்பது, எண்ணும் முறையை `One` ஆக்குவது. பிறகு விலக்குச் சொற்கள், பிறகு இடம். இதைச் செய்த மறுமாதம் திரையில் கன்வெர்ஷன் அறுபதிலிருந்து பதினைந்து, இருபது என்று சரியும். ஆகவே தொடுவதற்கு முன்பே மருத்துவரிடம், "இந்த எண் குறையும், உங்களுக்கு வரும் விசாரணை குறையாது" என்று சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் வேலையைச் சரியாகச் செய்தும் வாடிக்கையாளரை இழப்போம். இந்தக் கடைசி விஷயத்தைத் தானாகச் சொல்பவரைச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்வேன். ஒரு வாரத்தில் எழுதவைத்துவிடலாம்.

## யாருக்கு எது

கல்லூரி முடித்து முதல் ஏஜென்சி வேலை தேடுபவர்: கூகுள் தேடல் விளம்பரச் சான்றிதழ், அதோடு இலவச அனலிட்டிக்ஸ் சான்றிதழ். இரண்டும் போதும். மெட்டா கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் வீட்டுப் பக்கத்துக் கடை ஒன்றுக்கு நீங்களே சிறிய விளம்பரம் ஓட்டுங்கள். அந்தக் கணக்கின் திரையை நேர்காணலில் விளக்கிச் சொல்வது எந்த பேட்ஜையும்விட அதிகம் பேசும்.

வேறு துறையிலிருந்து மாறுபவர்: முதலில் கோர்செரா அல்லது ஹப்ஸ்பாட் பாடங்கள், சான்றிதழைப் பற்றிய கவலையில்லாமல். வேலைக்கு விண்ணப்பிக்கும் மாதத்தில் கூகுள் தேர்வை எழுதுங்கள். முன்கூட்டியே எழுதினால் தேடும் காலத்திலேயே அதன் 12 மாதம் கரைந்துவிடும்.

ஏஜென்சியில் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்: மெட்டா மேல்நிலைத் தேர்வு பொருந்துவது உங்களுக்குத்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களைப் பார்க்கும் இடத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் எழுதுங்கள். கட்டணத்தை நிறுவனத்திடம் கேளுங்கள். கூகுளில் உங்கள் ஏஜென்சியில் எந்த விளம்பர வகைக்கு ஆள் இல்லையோ அந்தச் சான்றிதழை எழுதுங்கள். வீடியோவுக்கு ஒருவர் மட்டும் இருக்கிறார் என்றால் இரண்டாவது ஆளாக இருப்பதற்கும் மதிப்பு உண்டு.

தனியாகத் தொழில் செய்பவர்: கடைக்காரருக்கும் மருத்துவருக்கும் சான்றிதழ்களின் வித்தியாசம் தெரியாது. கூகுள் பெயர் இருந்தால் முதல் சந்திப்பில் நம்பிக்கை வரும், அவ்வளவுதான். ஒரு தேடல் சான்றிதழை உயிரோடு வைத்திருங்கள். சரிபார்ப்பு இணைப்பை விலைப்பட்டியலிலேயே கொடுங்கள். மேல்நிலை மெட்டா தேர்வு, உங்கள் வாடிக்கையாளர்கள் வேறு ஏஜென்சிகளாக இருந்து, அவர்களுடைய வேலையை நீங்கள் பின்னாலிருந்து செய்து தருகிறீர்கள் என்றால் மட்டும் போட்ட காசை எடுத்துத் தரும்.

சிறிய ஏஜென்சி நடத்துபவர்: எல்லோரையும் ஒரே வாரத்தில் எழுதவைக்காதீர்கள். எழுதவைத்தால் அடுத்த ஆண்டு அதே வாரத்தில் எல்லாம் ஒன்றாகக் காலாவதியாகும். அந்த மாதம் ஒருவர் விடுப்பில் இருந்தாலும் பாதிக் கணக்கு இடறும். மூன்று மாதத்துக்கு இரண்டு பேர் என்று பிரித்து, ஒவ்வொருவரின் முடியும் தேதியையும் அலுவலகக் காலண்டரில், தேதிக்கு 30 நாள் முன்னால் ஒரு நினைவூட்டலோடு போட்டு வையுங்கள்.